கடாய் நிறைய கறியைப் போட்டா ஏன் தண்ணி விடுது? மட்டன் சாம்பல் நிறமாகாமல் சிவக்க வறுப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு கிலோ எலும்பில்லாத மட்டன் வாங்கிட்டு வந்தாச்சு. கடாயில் எண்ணெய் காய்ஞ்சதும் மொத்தக் கறியையும் ஒரே தடவையில் கொட்டுறோம். முதல் பத்து நொடி 'சொர்ர்ர்'னு நல்ல சத்தம். அதுக்கப்புறம் சத்தம் மெல்ல அடங்குது. ஓரத்தில் கலங்கலா தண்ணி ஊற ஆரம்பிக்குது. அஞ்சு நிமிஷத்தில் கறி அந்தத் தண்ணியிலேயே கொதிச்சுக்கிட்டு இருக்கும். நிறமோ சிவப்பும் இல்லை, பழுப்பும் இல்லை. நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி ஒரு சாம்பல் நிறம்.

சென்னையில் நண்பர்களோட அறை எடுத்துத் தங்கியிருந்தப்போ, நாலு பேர் காசு போட்டு வாங்கின கறியை நான் இப்படித்தான் கெடுத்தேன். ஊரிலிருந்து வந்த நண்பனின் அப்பா ஒரு துண்டை எடுத்து மென்னு பார்த்துட்டு, "வறுவல்னு சொன்னீங்க, இது அவியலா இருக்கே தம்பி"ன்னார். மசாலாவிலும் உப்பிலும் குறை இல்லை. கறியும் நல்ல கறிதான். அப்போ தப்பு எங்கே நடந்தது? கடாயில் இருந்த கூட்டத்தில்.

இதுக்குப் பின்னால் இருக்கும் காரணம் ரொம்ப எளிமையானது. அதைப் புரிஞ்சுக்கிட்டா மட்டன், சிக்கன், பன்னீர், காளான்னு எதையும் சிவக்க வறுக்கலாம். விரிவாகப் பார்க்கலாம்.

சாம்பல் நிறம் என்ன சொல்லுது?

கறியின் நிறத்தை ஒரு வெப்பமானி மாதிரி படிக்கலாம். பச்சைக் கறி சிவப்பா இருக்க முக்கியக் காரணம் மயோகுளோபின் என்ற புரதம். தசைக்குள் ஆக்ஸிஜனைச் சேமித்து வைப்பது இதன் வேலை. சூடு ஏற ஏற இந்தப் புரதம் தன் வடிவத்தை இழக்கும். சுமார் 60 டிகிரி செல்சியஸில் தொடங்கி 75 டிகிரியை நெருங்கும்போது சிவப்பு போய், சாம்பல் கலந்த பழுப்பு நிறம் வந்துவிடும்.

வறுவலில் நமக்குப் பிடித்த அந்தச் செம்பழுப்பு நிறமும் மணமும் வேற கணக்கு. கறியில் இருக்கும் அமினோ அமிலங்களும் சிறிதளவு சர்க்கரையும் கடும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து நூற்றுக்கணக்கான புதிய மணப்பொருட்களை உண்டாக்கும். 1912-ல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மெயிலார்ட் பெயரால் இதை 'மெயிலார்ட் வினை' என்கிறார்கள். ரொட்டியின் மேல்தோல், தோசையின் முறுகல், வறுத்த காபிக்கொட்டை எல்லாத்துக்கும் இதுதான் அடிப்படை. குறைந்த சூட்டிலும் இது மெதுவாக நடக்கும். ஆனால் அடுப்படியில் சில நிமிஷத்துக்குள் கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் நடக்கணும்னா, கறியின் மேற்பரப்பு சுமார் 140 டிகிரியைத் தாண்டணும்.

அதாவது, சாம்பல் நிறம் என்றால் கறி 70 டிகிரி வரைக்கும் வந்திருக்கு, 140-ஐப் பார்க்கவே இல்லைன்னு அர்த்தம். அது ஏன் பார்க்கவில்லை? நடுவில் ஒரு சுவர் இருக்கு.

100 டிகிரி என்ற சுவர்

அந்தச் சுவர் தண்ணி. சாதாரண பாத்திரத்தில் தண்ணி 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும், கூடுதல் சூடெல்லாம் தண்ணியை ஆவியாக்கவே செலவாகும். கறியின் மேல் ஈரம் இருக்கும்வரை அதன் மேற்பரப்பும் 100-ஐச் சுற்றியே நிற்கும். ஈரம் வற்றினால்தான் அடுத்த படிக்கு ஏற முடியும்.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். தண்ணியைச் சூடாக்குவது சுலபம், ஆவியாக்குவது கஷ்டம். 30 டிகிரியில் இருக்கும் தண்ணியை 100 டிகிரிக்குக் கொண்டுபோகத் தேவையான வெப்பத்தைப் போல 7 மடங்குக்கும் மேல் வெப்பம், அதே தண்ணியை முழுசா ஆவியாக்கத் தேவை. கடாயில் ஊறி நிற்கும் அந்தக் கலங்கல் தண்ணி, அடுப்பின் சூட்டையெல்லாம் விழுங்கிக்கிட்டே இருக்குன்னு வெச்சுக்கலாம்.

கூட்டம் சேர்ந்தா என்ன நடக்குது?

கொழுப்பில்லாத பச்சைக் கறியில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணிதான். 60 டிகிரியைத் தாண்டும்போது தசைநார்கள் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல அந்தத் தண்ணியை வெளியே தள்ளும். இது எப்படி வறுத்தாலும் நடக்கும், தடுக்க முடியாது. வெளியே வரும் தண்ணி உடனே ஆவியாகிப் போகுதா, தேங்கி நிற்குதா என்பதுதான் கேள்வி.

துண்டுகள் தள்ளித் தள்ளி இருந்தால், கசியும் ஈரம் பக்கத்தில் இருக்கும் சூடான இரும்பில் பட்டு அப்போதே ஆவியாகிவிடும். ஆவி மேலே போக இடைவெளியும் இருக்கும். துண்டுகள் நெருக்கியடித்துக் கிடந்தால் மூன்று பிரச்சினை ஒரே நேரத்தில் வரும். குளிர்ந்த கறி மொத்தமாக விழுந்ததும் கடாயின் சூடு சட்டென்று இறங்கும். தண்ணி ஆவியாகும் வேகத்தைவிட ஊறும் வேகம் கூடிவிடும். கீழே உண்டாகும் ஆவியும் மேலே இருக்கும் துண்டுகளில் பட்டு அங்கேயே தங்கி, அவற்றை இட்லி மாதிரி வேகவைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ கறியிலிருந்து 200 மில்லி தண்ணி வெளியேறுதுன்னு வெச்சுக்குவோம். அடுப்பிலிருந்து கடாய்க்குள் உண்மையில் போய்ச் சேரும் வெப்பம் 1 கிலோவாட்னு எடுத்துக்குவோம். வீட்டு கேஸ் அடுப்பில் பெரிய பர்னரை நல்லாக் கூட்டி வெச்சா கிடைக்கக்கூடிய அளவுதான் இது. அந்த 200 மில்லியை ஆவியாக்க மட்டும் ஏழரை நிமிஷம் ஆகும். அந்த ஏழரை நிமிஷமும் கறி கொதிநீரில் கிடக்கும். தண்ணி வற்றி வறுபட ஆரம்பிக்கும்போது உள்ளே இருந்த சாறு நிறையவே வெளியேறியிருக்கும். சிக்கன் மார்புக்கறி மாதிரி மென்மையான கறி இந்த இடத்தில் சக்கையாகிவிடும். மட்டன் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

ஒரு கிலோ மட்டனை எத்தனை தடவையாகப் போடணும்?

இப்போ நேரடியாக அந்த ஒரு கிலோ மட்டனுக்கே வருவோம். கடைக்காரரிடம் 3 சென்டிமீட்டர் துண்டாகப் போடச் சொன்னால், எலும்பில்லாத ஒரு கிலோவில் சுமார் 35 துண்டு வரும். உங்க கடாயின் தட்டையான அடிப்பகுதி 20 சென்டிமீட்டர் அகலம்னு வெச்சுக்குவோம். ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்கினால் 12 துண்டு வசதியாக உட்காரும். ஆக, மூன்று தடவை.

முதலில் ஈரம். கறியைக் கழுவினீங்கன்னா சல்லடையில் கால் மணி நேரம் வடிய விடுங்க. அப்புறம் சுத்தமான பருத்தித் துணியிலோ டிஷ்யூ பேப்பரிலோ ஒவ்வொரு துண்டையும் ஒத்தி எடுங்க. தொட்டால் கை ஈரமாகக் கூடாது. துணியை உடனே சுடுதண்ணியில் துவைக்கப் போட்டுடணும். ஃப்ரீஸரில் இருந்து எடுத்த கறி என்றால் இந்த வேலை இன்னும் முக்கியம். உறைந்து உருகும்போது தசை இழைகள் சேதமாவதால் அந்தக் கறி கூடுதலாகத் தண்ணி விடும். முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருக விட்டு, கிண்ணத்தில் தேங்கும் நீரை வடித்துவிட்டு, பிறகு ஒத்தி எடுக்கணும்.

அடுத்தது உப்பு. உப்பு ஈரத்தை வெளியே இழுக்கும். அதனால் உப்புத் தடவிப் பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து வறுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம்; மேற்பரப்பு முத்து முத்தாக வியர்த்து நிற்கும். ஒன்று, கடாயில் போடும் நொடியில் உப்புப் போடுங்க. இல்லைன்னா, ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டு ஊறவிட்டு, ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு வறுங்க.

பாத்திரத்தைப் பொறுத்தவரை கனமான இரும்பு வாணலி நல்லது. கனமான இரும்பு நிறையச் சூட்டைத் தேக்கி வைக்கும், கறி விழுந்ததும் சட்டென்று ஆறாது. குழிவான கடாயில் துண்டுகள் நடுவில் சரிந்து குவியும் என்பதால் அடி தட்டையானதுதான் தோது. உண்மையில் இந்த வேலைக்கு நம்ம வீட்டில் இருக்கும் சிறந்த பாத்திரம் இரும்பு தோசைக்கல். அகலம் அதிகம், விளிம்பு இல்லாததால் ஆவி தங்காது. என்ன, மறுநாள் தோசையில் கவுச்சி வாடை அடிக்கும்னு அம்மா திட்டுவாங்க, எண்ணெயும் தெறிக்கும். பழைய கல் ஒன்று இருந்தால் அதை இதுக்கென்றே ஒதுக்கிடலாம். நான்ஸ்டிக் பாத்திரம் இந்த வேலைக்கு வேண்டாம். காலியாகக் காயவைத்து சூடு 260 டிகிரியைத் தாண்டினால் அதன் பூச்சு சிதையத் தொடங்கும்.

பாத்திரம் மூன்று நாலு நிமிஷம் நல்லாக் காயட்டும். பிறகு 2 தேக்கரண்டி கடலை எண்ணெய். எண்ணெய் இளகி, அலை அலையாக ஓடி, லேசாகப் புகை எழப் பார்க்கும் நேரத்தில் 12 துண்டுகளை ஒவ்வொன்றாக வையுங்க. இனி இரண்டு நிமிஷம் கரண்டியைத் தொடாதீங்க. இதுதான் பலருக்கும் கஷ்டமான இடம். கிளறும்போது ஒவ்வொரு துண்டும் சூடான இடத்தை விட்டு நகர்ந்துகொண்டே இருக்கும், எந்தப் பக்கமும் காயாது. சூடான இரும்பில் வைத்த கறி முதலில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பக்கம் சிவந்து மேலோடு உருவானதும் பெரும்பாலும் தானாகவே விட்டுக்கொடுக்கும். திருப்ப முயன்று வரவில்லை என்றால் இன்னும் அரை நிமிஷம் பொறுக்கணும்.

ஒரு பக்கம் செம்பழுப்பானதும் திருப்பி, இன்னும் இரண்டு நிமிஷம். ஆறு பக்கமும் சிவக்க வேண்டியதில்லை, இரண்டு மூன்று பக்கம் சிவந்தாலே மணம் வந்துவிடும். எடுத்து ஒரு தட்டில் வைத்துவிட்டு, பாத்திரம் மறுபடி ஒரு நிமிஷம் காய்ந்ததும் அடுத்த 12. மூன்று தடவைக்கும் சேர்த்து 18 நிமிஷம் ஆகலாம். ஒரே தடவையில் கொட்டித் தண்ணி வற்றக் காத்திருப்பதைவிட இது பெரிய நேர வித்தியாசம் இல்லை.

மசாலா எப்போ?

மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது மூன்றும் இந்தச் சூட்டில் கறிக்கு முன்னாடியே கருகிவிடும். விழுதிலும் தயிரிலும் தண்ணி வேறு இருக்கு. தயிர் மசாலாவில் ஊறிய கறியை அப்படியே கடாயில் போட்டால் சிவக்காது, வேகும். அதனால் கறியை உப்போடு மட்டும் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே பாத்திரத்தில் தீயைக் குறைத்து, நறுக்கிய சின்ன வெங்காயத்தைப் போடுங்க.

இப்போ பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பொறுக்கைப் பாருங்க. பலரும் இதை அடிப்பிடிச்சதுன்னு நினைச்சுக் கழுவிடுவாங்க. உண்மையில் கறியின் ருசியில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கு. வெங்காயம் விடும் தண்ணியிலேயே அது இளகும். கரண்டியால் சுரண்டிக் கலந்துவிட்டால் மொத்த மசாலாவுக்கும் அந்த மணம் ஏறும். ஆனால் பழுப்பு வேற, கருப்பு வேற. கருகிக் கசப்பு வாடை வந்துவிட்டால் துடைத்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுவதுதான் சரி.

அப்போ மட்டன் சுக்கா எப்படிச் சிவக்குது?

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரணும். எங்க ஊர்ல கறியை முதலில் வேகவெச்சுட்டுத்தானே சுக்கா போடுறாங்க, அது மட்டும் எப்படிச் சிவக்குதுன்னு.

நியாயமான கேள்வி. சுக்கா இதே விதியைப் பின்பக்கமிருந்து கடைப்பிடிக்கும் சமையல். மட்டனில் இணைப்புத்திசு அதிகம். அது மெல்ல வேண்டிய பதத்துக்கு இளக நேரமும் ஈரமும் வேணும். அதனால் முதலில் குக்கரில் வேகவைத்து, விட வேண்டிய தண்ணியையெல்லாம் விட வைக்கிறோம். பிறகு அகலமான கடாயில் ஊற்றி, மூடாமல், பெரிய தீயில் சுண்ட விடுகிறோம். 'எண்ணெய் பிரியும் வரை வதக்கவும்' என்று சமையல் குறிப்பில் படிக்கிறோமே, அது வெறும் அழகுக்குச் சொல்வதல்ல. எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கிறது என்றால் மசாலாவில் இருந்த தண்ணியின் பெரும்பகுதி போய்விட்டது என்று பொருள். அந்த 100 டிகிரி சுவர் விழுந்துவிட்டது. அதுக்குப் பிறகு வறுக்கும் அஞ்சு ஏழு நிமிஷத்தில்தான் சுக்காவின் நிறமும் மணமும் பிறக்கின்றன. எண்ணெய் பிரிந்ததும் அவசரப்பட்டு இறக்கிவிட்டால் அது சுக்கா இல்லை, கெட்டிக் குழம்பு.

நம்ம ஒரு கிலோ மட்டனுக்கு இரண்டு வழியையும் சேர்த்தே செய்யலாம். மூன்று தடவையாகச் சிவக்க வறுத்த கறி, வதக்கிய வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மசாலா எல்லாம் குக்கருக்குப் போகட்டும். தண்ணி அரை டம்ளர் போதும், கறியும் தண்ணி விடும். உங்க வீட்டு விசில் கணக்குப்படி வெந்ததும் கடாய்க்கு மாற்றி, சுண்டவிட்டு, எண்ணெய் பிரிந்தபின் மிளகும் சோம்பும் பொடித்துப் போட்டு வறுங்க. முதலில் வந்த மொறுமொறுப்பு குக்கரில் இளகிவிடும், ஆனால் மணம் போகாது.

பாதியில் தப்பாயிடுச்சுன்னா?

காது கொடுத்துக் கேளுங்க. சரியாக வறுபடும்போது 'சொர்ர்'னு கூர்மையான சத்தம் விடாமல் இருக்கும். அது 'களக் களக்'னு கொதிக்கும் சத்தமாக மாறினால் தண்ணி தேங்குதுன்னு அர்த்தம். பொதுவாகக் கண்ணுக்குத் தெரியும் முன்னாடியே காதுக்குத் தெரிந்துவிடும்.

அப்படி ஆனால், உடனே பாதித் துண்டுகளை எடுத்துத் தட்டில் வைங்க. தேங்கிய தண்ணியை ஒரு கிண்ணத்தில் வடித்து வைங்க. அதைக் கொட்ட வேண்டாம், பின்னாடி குக்கரில் ஊற்றிக்கலாம். மூடி போட்டிருந்தால் எடுத்துடுங்க. பாத்திரத்தைத் துடைத்து மறுபடி காயவைத்து, கறியை ஒத்தி எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்க. மென்மையான சிக்கன் என்றால் இந்த மீட்பு வேலையைச் சீக்கிரம் முடிக்கணும். மட்டன் என்றால் பதற்றமே வேண்டாம், சுக்கா வழிக்கு மாறிக்கலாம்.

வறுத்தால் சாறு உள்ளேயே அடைபடுமா?

பலரும் நம்பும் விஷயம் இது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் முன்வைத்த கருத்து இது. ஆனால் சரியல்ல. சிவந்த மேலோடு தண்ணியை அடைத்து வைக்காது. சிவந்த பின்னாடியும் கடாயில் 'சொர்ர்' சத்தம் வருதே, அது கறியிலிருந்து ஈரம் இன்னும் வெளியேறிக்கொண்டே இருப்பதன் சத்தம்தான். சிவக்க வறுப்பது ருசிக்கும் மணத்துக்கும் மட்டுமே.

இதே காரணத்தால், வெளியே சிவந்ததை வைத்து உள்ளே வெந்துவிட்டது என்றும் முடிவு செய்யக் கூடாது. சிக்கனின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொடணும். வெப்பமானி இல்லாத வீட்டில், இருப்பதிலேயே பெரிய துண்டை வெட்டிப் பாருங்க. உள்ளே பச்சையாகத் தெரிந்தால் தீயைக் குறைத்து இன்னும் சில நிமிஷம் வைக்கணும்.

எல்லாக் கறிக்கும் இந்த வேலை தேவையா என்றால், இல்லை. பிரியாணிக்கும் வெள்ளைக் குருமாவுக்கும் கறி சிவக்க வேண்டியதில்லை. குழம்புக்கு மூன்றில் ஒரு பங்கை மட்டும் சிவக்க வறுத்துச் சேர்த்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் வறுவல் என்று பெயர் சொல்லி இலையில் வைப்பதாக இருந்தால், அந்த 12 துண்டுக் கணக்கை மறந்துடாதீங்க.

போன மாதம் அதே நண்பனின் அப்பா மறுபடி வந்திருந்தார். இந்தத் தடவை மூன்று தடவையாகப் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை மட்டும் இரண்டாவது தடவையும் நீட்டினார்.